கேரளத் தரவுக் கேள்வி: முதியோர், வெளிநாடு போனவர்கள், பணவரவு. விடைக்குறிப்பில் எங்கே தப்பு?

கரும்பலகை

பதினோராம் வகுப்பு புவியியலுக்குப் பத்து மதிப்பெண் தரவுக் கேள்வி ஒன்று போட்டிருந்தேன். அட்டவணை இதுதான்:

| | கேரளம் | தமிழ்நாடு |
|---|---|---|
| 60 வயதுக்கு மேல், 2011 | 12.6% | 10.4% |
| மக்கள்தொகை, 2011 | 334 லட்சம் | 721 லட்சம் |
| வெளிநாட்டில் இருப்பவர்கள் | 22.8 லட்சம் (2011) | 22 லட்சம் (2015) |

கேள்வி (அ): தமிழ்நாட்டைவிடக் கேரளத்தில் முதியோர் விழுக்காடு கூடுதலாக இருப்பதற்கு அட்டவணையிலிருந்து காரணம் காட்டுக. 4 மதிப்பெண்.

கேள்வி (ஆ): கேரளத்துக்கு வந்த வெளிநாட்டுப் பணம் 2018இல் 85,092 கோடி ரூபாய், 2023இல் 2,16,893 கோடி ரூபாய். இந்த உயர்வை விளக்கி, முதியோர் பராமரிப்போடு தொடர்புபடுத்துக. 6 மதிப்பெண்.

விடைக்குறிப்பில் (அ)வுக்கு "உழைக்கும் வயதினர் வெளிநாடு செல்வதால்" என்றும், (ஆ)வுக்கு "வெளிநாடு செல்வோர் எண்ணிக்கை பெருகியதால் பணவரவு பெருகி, முதியோர் பராமரிப்புக்கு உதவுகிறது" என்றும் எழுதி வைத்திருந்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், 2018லயும் 2023லயும் வெளிநாட்டுல இருந்தவங்க எண்ணிக்கை ஏறக்குறைய ஒண்ணுதானே, அப்புறம் எப்படிப் பணம் மட்டும் ரெண்டரை மடங்காச்சு?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். கேரளா மைக்ரேஷன் சர்வேயில் 2018க்கு 21 லட்சம் பேர், 2023க்கு 22 லட்சம் பேர். அவள் கேட்டது சரி. இப்போது (அ) விடையும் சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வெட்டிப்பேச்சு

(அ) சரிதான் சார், மாத்தாதீங்க. இளசுங்க கிளம்பிட்டா மிச்சம் இருக்கிறது பெருசுங்கதானே. வகுத்தியில ஆளைக் குறைச்சா விழுக்காடு ஏறும், ஏழாங்கிளாஸ் கணக்கு. கேரளாவுல போய்ப் பார்த்தா தெரியும், பெரிய வீடு, உள்ளே ரெண்டு வயசானவங்க.

(ஆ)தான் தப்பு. வளைகுடா வேலையே முடிஞ்சுபோச்சு. ரிசர்வ் வங்கி சர்வேயில இந்தியாவுக்கு வர்ற பணத்துல கேரளா பங்கு 2016-17ல 19 விழுக்காடு, 2020-21ல 10.2. பாதியாப் போச்சு. அப்புறம் எப்படி 2 லட்சம் கோடி வரும்? அந்த எண்ணே பொய்யா இருக்கணும்.

---

கணக்குப்புள்ளி

வெட்டிப்பேச்சு சொன்ன வகுத்தி வாதம் திசையில் சரி. ஆனால் அது எவ்வளவு பெரிய விளைவு என்று போட்டுப் பார்க்காமல் காரணம் என்று எழுதக் கூடாது. (அ)வுக்கு வேண்டிய எண்கள் அட்டவணையிலேயே இருக்கின்றன. போனவர்களைக் கணக்கில் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்தால் போதும்.

கேரளத்தில் 2011இல் 60 கடந்தவர்கள் 41.9 லட்சம். மக்கள்தொகை 334 லட்சம். வெளிநாட்டில் இருந்த 22.8 லட்சம் பேர் அந்த 334இல் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊரில் இருப்பவர்களைத்தான் எண்ணும். அவர்கள் யாருமே போகவில்லை, ஒருவருக்கும் 60 ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். வகுத்தி 356.8 லட்சம் ஆகிறது. 41.9ஐ அதால் வகுத்தால் 11.7 விழுக்காடு. அதாவது 12.6 என்பது 11.7 ஆகக் குறைகிறது, அவ்வளவுதான்.

இதே வேலையைத் தமிழ்நாட்டுக்கும் செய்யாவிட்டால் ஒப்பீடு ஒருதலையாகிவிடும். 721இல் 10.4 விழுக்காடு என்றால் 75 லட்சம். வகுத்தியில் 22 லட்சத்தைக் கூட்டினால் 743. விடை 10.1.

முன்பு இரண்டு மாநிலத்துக்கும் இடைவெளி 2.2 புள்ளி. எல்லோரையும் திரும்ப உட்காரவைத்த பிறகு 1.6 புள்ளி. ஆக இடைவெளியில் கால் பங்குதான் வெளிநாடு போனதால் வந்தது. முக்கால் பங்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. உங்கள் விடைக்குறிப்பு அந்தக் கால் பங்குக்கு முழு நான்கு மதிப்பெண் கொடுக்கிறது.

முக்கால் பங்கு எங்கிருந்து என்றால், அது அட்டவணையில் இல்லை. கேரளத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் இரண்டுக்கு இறங்கியது 1988 வாக்கில். தமிழ்நாடு அதே இடத்துக்கு வந்தது 1993 வாக்கில். அதற்கு முன்பிருந்தே கேரளத்தின் இறக்கம் முந்தித் தொடங்கியது. ஆயுளும் அங்கே நீளம்: 2010-14க்கான மாதிரிப் பதிவில் பிறப்பின்போது எதிர்பார்க்கும் ஆயுள் கேரளத்தில் 74.9, தமிழ்நாட்டில் 70.6. "அட்டவணையிலிருந்து காரணம் காட்டுக" என்று கேட்டுவிட்டுக் காரணத்தை அட்டவணைக்கு வெளியே வைத்திருப்பதுதான் கேள்வியின் முதல் கோளாறு.

இன்னொன்று. உங்கள் கடைசி வரிசையில் ஒரு பத்தி 2011, மற்றது 2015. இந்தக் கணக்குக்குப் பெரிய தொந்தரவு இல்லை, ஆனாலும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

---

வெட்டிப்பேச்சு

கால் பங்கா? வேற மாநிலத்துக்குப் போனவங்களை விட்டுட்டீங்களே. பெங்களூர்லயும் சென்னையிலயும் பாதி பேர் அவங்கதான்.

---

கணக்குப்புள்ளி

நல்ல கேள்வி. 2011 சர்வேயில் மற்ற மாநிலங்களில் இருந்த மலையாளிகள் சுமார் 9 லட்சம். அவர்களையும் சேர்த்தால் வகுத்தி 366, விழுக்காடு 11.4 அல்லது 11.5. வெளிநாட்டில் பிறந்து அங்கேயே வளரும் குழந்தைகளையும் சேர்க்க வேண்டும் என்பீர்கள். ஒரு பேச்சுக்கு 5 லட்சம் சேர்த்துப் பாருங்கள், 11.3க்கு வரும். எவ்வளவு இழுத்தாலும் தமிழ்நாட்டின் 10.1க்கு இறங்கவில்லை. இத்தனைக்கும் இந்தக் கூடுதல் சலுகைகளைத் தமிழ்நாட்டுக்குக் கொடுக்கவே இல்லை.

நான் எடுத்த ஒரு எடுகோள் உங்கள் பக்கம் சாய்ந்தது என்பதையும் பாருங்கள். போனவர்களில் யாருக்கும் 60 ஆகவில்லை என்றேன். சிலருக்கு ஆகியிருந்தால் தொகுதியும் ஏறும், விளைவு இன்னும் சுருங்கும்.

---

தேன்கனி

எங்க பக்கம் திருப்பூர்ல பீகார், ஒடிசா ஆளுங்க இல்லாம ஒரு பனியன் கம்பெனியும் ஓடாது. கேரளாவுலயும் அப்படித்தான், பெரும்பாவூர் போனா தெரியும். கேள்வியில "புலம்பெயர் தொழிலாளர்"னா அவங்கதானே? அவங்க அனுப்புற பணம் கேரளாவுக்கு உள்ளே வராது, வெளியேதான் போகும். அப்புறம் எப்படி முதியோர் பராமரிப்புக்கு உதவும்? கேள்வியே தலைகீழா இருக்கே.

---

கரும்பலகை

தேன்கனி, நான் கேட்டது கேரளத்திலிருந்து வெளிநாடு போனவர்களைப் பற்றி. ஆனால் நீங்கள் படித்த மாதிரியே இரண்டு மாணவர்களும் படித்திருக்கிறார்கள். தலைப்பில் "புலம்பெயர் தொழிலாளர்" என்று மட்டும் போட்டிருந்தேன், யார் எங்கிருந்து எங்கே என்று சொல்லவில்லை. என் தப்பு.

---

கணக்குப்புள்ளி

தேன்கனி கேள்வியைத் தவறாகப் படித்திருந்தாலும் கைவைத்த இடம் முக்கியமானது. கேரளத்துக்குள் வந்த மற்ற மாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சத்துக்கு மேல் என்று 2013இல் கேரளத்தின் குலாட்டி நிதி, வரி ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. வெளியே போன 22.8 லட்சத்துக்கு ஈடான எண்ணிக்கை. பெரும்பாலும் இளைஞர்கள்.

இவர்கள் அனைவரும் 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் எண்ணப்பட்டிருந்தால், இளைஞர்கள் போனதால் சுருங்கிய வகுத்தியை இவர்கள் நிரப்பிவிட்டார்கள் என்று ஆகும். அப்போது (அ)வில் உங்கள் விடைக்கு அந்தக் கால் பங்குகூட மிஞ்சாது. ஆனால் எல்லோரும் எண்ணப்பட்டிருக்க வாய்ப்பில்லை. கட்டுமான இடத்துக் கொட்டகையில் தங்குபவர், சீசனுக்கு மட்டும் வந்து போகிறவர் எல்லாம் எளிதில் விடுபடுவார்கள். எவ்வளவு பேர் எண்ணப்பட்டார்கள் என்பதில் எனக்குத் தெரிந்தவரை ஒருமித்த கருத்து இல்லை. அதனால் இதை மதிப்பெண் கேள்வியாக்க வேண்டாம், வகுப்பில் பேச வைக்கலாம்.

---

மார்த்தாண்டம்காரி

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். எங்க அப்பா மஸ்கட்டில் 22 வருஷம் இருந்துட்டு 60 வயசுல திரும்பினார். எங்க தெருவில இப்படி அஞ்சாறு வீடு. போகும்போது இளைஞரா போனாங்க, வரும்போது முதியோரா வந்தாங்க. இது உங்க கணக்கில எங்கே வருது? நீங்க போனவங்களை மட்டும் சேர்க்கறீங்க, திரும்பினவங்களை என்ன செய்வீங்க?

---

கணக்குப்புள்ளி

சரியான இடத்தில் பிடித்தீர்கள். வளைகுடாவில் குடியுரிமை கிடைக்காது, வேலை முடிந்தால் விசாவும் முடியும். ஆகவே அங்கே போவதில் திரும்பி வருவதும் சேர்ந்தே இருக்கிறது. அமெரிக்கா, கனடா போனவர்கள் அப்படியில்லை, பலர் அங்கேயே முதியவர் ஆவார்கள்.

சர்வேயில் திரும்பியவர்கள் 2018இல் 12 லட்சம், 2023இல் 18 லட்சம். இவர்கள் ஏற்கெனவே கேரள மக்கள்தொகைக்குள் எண்ணப்பட்டுவிட்டதால் என் கணக்கில் தனியாகக் கூட்டவில்லை. ஆனால் முதியோர் விழுக்காட்டை ஏற்றும் இரண்டாவது வழி இது: இளமையில் வகுத்தியிலிருந்து போகிறார்கள், முதுமையில் தொகுதிக்கு வருகிறார்கள். 2011இல் இந்த வழி சிறியது. 1980களிலும் 90களிலும் போனவர்கள் 60ஐத் தொடும் காலத்தில் பெரிதாகும். நான் சொன்ன கால் பங்கு 2011க்கு மட்டும்தான், இன்றைக்கு அதை அப்படியே ஒட்டாதீர்கள்.

---

வெட்டிப்பேச்சு

சரி, விழுக்காட்டை விட்டுடுவோம். உழைக்கிறவங்க எத்தனை பேர் எத்தனை முதியோரைத் தாங்கறாங்கன்னு பார்த்தா? அதுல விளைவு பெரிசா இருக்கணுமே.

---

கணக்குப்புள்ளி

இருக்கும். இதை ஒத்துக்கொள்கிறேன். 2011இல் கேரளத்தில் 15 முதல் 59 வரை சுமார் 64 விழுக்காடு. ஆக உழைக்கும் வயதினர் 100 பேருக்கு முதியோர் 19.6. போன 22.8 லட்சம் பேரையும் அந்த வயதுக்குள் சேர்த்தால் உழைக்கும் வயதினர் 214 லட்சத்திலிருந்து 237 லட்சம். விகிதம் 17.7ஆக இறங்குகிறது. மொத்த மக்கள்தொகைக்குப் பதில் சிறிய வகுத்தி என்பதால் ஏறக்குறைய 2 புள்ளி அசைகிறது.

ஆனால் இங்கே வேறொரு சிக்கல். அந்த விகிதம் "யார் யாரைத் தாங்குகிறார்கள்" என்று சொல்வதாக எடுத்துக்கொண்டால், மஸ்கட்டிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் மகன் தாங்குபவர்களில் இல்லை, வீட்டில் வேலையில்லாமல் இருக்கும் 25 வயதுப் பையன் இருக்கிறான். பணவரவு உள்ள ஊருக்கு இந்த விகிதத்தை மாற்றாமல் போடுவது தவறான படத்தைக் கொடுக்கும். இரண்டையும் போட்டுக்காட்டி எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டால் அருமையான நான்கு மதிப்பெண் கேள்வி.

---

கரும்பலகை

இதைக் கணினி ஆய்வகத்தில் விரிதாளில் செய்ய வைத்தேன். பாதிப் பேருக்கு 2280.1 என்று வருகிறது. முதியோர் விழுக்காடு இரண்டாயிரத்து இருநூறு!

---

கணக்குப்புள்ளி

அடைப்புக்குறி போடவில்லை. B2இல் முதியோர், B3இல் மக்கள்தொகை, B4இல் வெளிநாட்டில் இருப்பவர்கள், எல்லாம் லட்சத்தில். அவர்கள் அடித்திருப்பது மேல்வரி, அடிக்க வேண்டியது கீழ்வரி:

```
=ROUND(B2/B3+B4*100,1)
=ROUND(B2/(B3+B4)*100,1)
```

மேல்வரி 41.9ஐ 334ஆல் வகுத்துவிட்டு, 22.8ஐ நூறால் பெருக்கிக் கூட்டுகிறது. இன்னொரு தப்பும் வரும், அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்: சர்வே ஆங்கில அறிக்கையில் 2.28 மில்லியன் என்று இருப்பதை அப்படியே 2.28 என்று லட்சப் பத்தியில் போட்டால் விடை 12.5 வரும். பார்க்க நியாயமாகவே இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "வெளிநாடு போனதால் ஒன்றுமே ஆகவில்லை" என்று முடிவும் எழுதிவிடுவார்கள். 12.5 என்று விடை வந்த தாளை நிறுத்திப் பாருங்கள்.

---

மார்த்தாண்டம்காரி

மாவட்ட வாரியா பார்த்தா (அ) உடைஞ்சு போயிடும்னு நினைக்கிறேன். எல்லாரும் கல்ஃப்ல இருக்கிற மலப்புரத்துலதான் எங்க பார்த்தாலும் குழந்தைங்க.

---

கணக்குப்புள்ளி

ஆமாம், இதைவிட நல்ல எதிர்ச்சான்று கிடைக்காது. கேரளத்திலேயே அதிகம் பேர் வெளிநாடு போன மாவட்டம் மலப்புரம். அதுதான் மாநிலத்தின் இளைய மாவட்டமும். 2001க்கும் 2011க்கும் இடையில் அதன் மக்கள்தொகை 13 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. பத்தனம்திட்டாவும் வெளிநாட்டுக்குப் பேர்போன மாவட்டம்தான், ஆனால் முதியோர் விழுக்காட்டில் மாநிலத்திலேயே முன்வரிசை. அதே பத்தாண்டில் அதன் மக்கள்தொகை 3 விழுக்காடு குறைந்தே போனது.

இரண்டிலும் ஆள் போனார்கள். மலப்புரத்தில் பெரும்பாலும் கணவன் வளைகுடா போக, மனைவியும் குழந்தைகளும் ஊரில் இருந்தார்கள். குறைந்த சம்பளக்காரர் அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக விதி இடம் தராது. பத்தனம்திட்டாவில் செவிலியர்கள் நிறைய, மேல்நாடுகளுக்குக் குடும்பமாகவே போனவர்கள் நிறைய. குழந்தை எண்ணிக்கை குறைந்ததும் அங்கே மலப்புரத்தைவிட வெகுமுன்பே. ஆகவே எத்தனை பேர் போனார்கள் என்ற எண்ணைவிட, யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதுதான் வயதுப் பிரமிட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

---

கரும்பலகை

(அ) புரிந்தது. (ஆ)வுக்கு வருவோமா? பணம் இரண்டரை மடங்கானது உண்மையா, இல்லையா?

---

கணக்குப்புள்ளி

முதலில் வெட்டிப்பேச்சின் ரிசர்வ் வங்கி எண். 2016-17இல் கேரளம் 19, 2020-21இல் 10.2 என்பது சரி. ஆனால் அவர் நிறுத்திய இடத்துக்கு அடுத்த சர்வேயும் வந்துவிட்டது. 2023-24இல் கேரளம் 19.7. மகாராஷ்டிரத்தையும் பாருங்கள்: 16.7, பிறகு 35.2, பிறகு 20.5. மகாராஷ்டிரத்திலிருந்து நாலு வருஷத்தில் அத்தனை பேர் கிளம்பிப் போய், அடுத்த மூன்று வருஷத்தில் திரும்பிவிட்டார்களா? நடக்கிற காரியமில்லை.

அது வங்கிகளிடம் கேட்கும் சர்வே. பணம் எந்த மாநிலத்துக்கு வந்ததாக வங்கி காட்டுகிறது என்பதைச் சொல்கிறது, யார் வீட்டு அடுப்பு எரிந்தது என்பதை அல்ல. 2020-21 கொரோனா ஆண்டு என்பதால் உண்மையான அதிர்ச்சியும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். எவ்வளவு அதிர்ச்சி, எவ்வளவு அளவைக் கோளாறு என்று பிரிக்க அந்த மூன்று எண்கள் போதாது.

இப்போது கேரளா மைக்ரேஷன் சர்வே. இது வீடுவீடாகக் கேட்பது. 1998இல் தொடங்கியது, 2018இல் 15,000 வீடுகள், 2023இல் 20,000 வீடுகள். ஆனால் அதன் அறிக்கையில் பணத்துக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. நீங்கள் எடுத்தது மொத்தப் பணவரவு. வெளிநாட்டு இந்தியர் வங்கி வைப்புகளில் கேரளத்தின் பங்கு போன்றவற்றை வைத்து மேலிருந்து கட்டிய மதிப்பீடு அது. கீழே இன்னொரு எண் இருக்கும்: வீடுகள் தாங்களே "எங்களுக்கு இவ்வளவு வந்தது" என்று சொன்னதைக் கூட்டியது. அது 2018இல் 30,717 கோடி, 2023இல் 37,058 கோடி. உயர்வு 21 விழுக்காடு மட்டுமே.

இந்த 21ஐயும் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். 2018இல் ஒரு டாலர் சராசரியாக 68.4 ரூபாய், 2023இல் 82.6 ரூபாய். திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டது, 3.67 திர்ஹம் ஒரு டாலர். ஆக ஒரு திர்ஹம் 18.6 ரூபாயிலிருந்து 22.5 ரூபாய். வகுத்தால் 2018இல் சுமார் 1,650 கோடி திர்ஹம், 2023இலும் சுமார் 1,650 கோடி திர்ஹம். வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது ஒரு திர்ஹம்கூட ஏறவில்லை என்று சொல்லலாம். ஏறியது ரூபாயில் தெரியும் எண். எல்லோரும் திர்ஹத்தில் அனுப்புவதில்லை, உண்மைதான். ஆனால் ரியாலும் டாலரோடு கட்டியதே, கதை பெரிதாக மாறாது.

உங்கள் மாணவி கேட்டாளே, ஆள் எண்ணிக்கை ஒன்றாக இருக்கப் பணம் எப்படி ஏறியது என்று. வீட்டுக்கு வந்த பணத்தில் அவள் ஊகம் அப்படியே நிற்கிறது.

---

வெட்டிப்பேச்சு

அப்ப அந்த 2.17 லட்சம் கோடி பொய்தானே, நான் முதல்லயே சொன்னேன்.

---

கணக்குப்புள்ளி

பொய் என்று சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கில் இந்தியாவுக்கு வந்தது 118.7 பில்லியன் டாலர். அதில் 19.7 விழுக்காடு என்றால் 23 பில்லியன் சொச்சம், ரூபாயில் ஏறக்குறைய 1.9 லட்சம் கோடி. சர்வேயின் 2.17க்கு வெகு தூரத்தில் இல்லை. இரண்டுமே வங்கிப் பக்கத்திலிருந்து பார்க்கின்றன.

இரண்டு எண்ணும் வேறு வேறு பொருளை அளக்கின்றன. வங்கி வைப்பில் கிடக்கும் பணம், மகன் பேரிலேயே வாங்கிய ஃப்ளாட், தொழில் முதலீடு எல்லாம் மேல் எண்ணில் வரும். அம்மாவின் மருந்துச் செலவுக்கு வந்தது கீழ் எண்ணில் வரும். 2018இல் கீழ் எண் மேல் எண்ணில் 36 விழுக்காடு. 2023இல் 17. முதியோர் பராமரிப்பைப் பற்றிக் கேள்வி கேட்பதானால் கீழ் எண்ணை எடுக்க வேண்டும். நீங்கள் மேல் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பராமரிப்பைக் கேட்டீர்கள்.

கீழ் எண்ணுக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. குடும்பமே வெளிநாடு போய் வீடு பூட்டிக் கிடந்தால் கதவைத் திறந்து பதில் சொல்ல ஆளில்லை. வருமானத்தைக் குறைத்துச் சொல்வதும் எந்த சர்வேயிலும் உண்டு. அதனால் 37,058ஐயும் வேதவாக்காக எடுக்காதீர்கள். 36 எப்படி 17 ஆனது என்பதில் எவ்வளவு உண்மை மாற்றம், எவ்வளவு மேல் எண்ணைக் கட்டிய முறை என்பது எனக்குத் தீரவில்லை.

மாணவர்களைப் பற்றியும் ஒரு வரி. படிக்க வெளிநாடு போனவர்கள் 2018இல் 1.3 லட்சம், 2023இல் 2.5 லட்சம். 22 லட்சத்தில் இவர்களும் அடக்கம். இவர்கள் பணம் அனுப்புவதில்லை, வீட்டிலிருந்து வாங்குகிறார்கள். ஆள் எண்ணிக்கை மாறாமல் இருக்கும்போதே உள்ளே ஆள்வகை மாறிவிட்டது.

---

வல்வெட்டி

நான் இலங்கையிலை இருந்து எழுதுறன். இதே பிழை எங்கடை பிள்ளையளும் விடுறவை, "ஆள் கூடினால் காசு கூடும்" எண்டு. எங்கடை தரவு அதுக்கு நேர் எதிர். 2022இலை 3 லட்சத்துக்கு மேலை ஆக்கள் வேலைக்கு வெளிநாடு போச்சினம், அதுக்கு முதல் எந்த வருசமும் அவ்வளவு பேர் போகேல்லை. அதே வருசம் மத்திய வங்கிக் கணக்கிலை வந்த காசு 3.8 பில்லியன் டொலர். முதல் வருசம் 5.5. அதுக்கு முன்னம் 2016இலை 7.2.

காரணம் உண்டியல், அதாவது வங்கியை விட்டிட்டு ஆக்கள் மூலமாக் காசு கைமாத்தி அனுப்புறது. டொலரை 200 ரூபா சொச்சத்திலை 2022 மார்ச் வரை பிடிச்சு வைச்சிருந்தவை. வெளியிலை அதைவிடக் கூட விலை. ஆர் வங்கியாலை அனுப்புவினம்? வீட்டுக்குக் காசு வந்ததுதான், வங்கிப் புத்தகத்திலை வரேல்லை. ரூபாயை மிதக்க விட்ட பிறகு 2023இலை 6 பில்லியனுக்குக் கிட்ட திரும்பி வந்திட்டுது. உண்டியலாலை வந்த காசை எந்த அட்டவணையும் காட்டாது. கேரளாவிலையும் அது இருக்குமே?

---

கணக்குப்புள்ளி

இருக்கும். வங்கிப் பக்கத்து எண்ணில் அது வரவே வராது, வீட்டில் கேட்டால் ஓரளவு வரும். ஆனால் கேரளத்தில் உத்தியோகபூர்வ விலைக்கும் வெளி விலைக்கும் அந்த அளவு இடைவெளி இந்த ஆண்டுகளில் இல்லை, அதனால் உங்கள் 2022 போல ஆண்டுக்கு ஆண்டு துள்ளாது. உங்கள் எடுத்துக்காட்டை அவர் தாளில் போடலாம்: ஆள் போவது ஆண்டு ஓட்டம், வெளிநாட்டில் இருப்பது இருப்பு. இந்த வருஷம் போனவர் முகவருக்கும் டிக்கெட்டுக்கும் பட்ட கடனை அடைத்துத்தான் அனுப்பத் தொடங்குவார். 2022இல் போன 3 லட்சம் பேரை 2022 பணத்தோடு ஒப்பிடுவதே கொஞ்சம் அவசரம்.

---

வல்வெட்டி

ஓம், அது சரி. உண்டியல் முழுக் காரணம் எண்டு நான் சொன்னது கொஞ்சம் கூடிப் போச்சு.

---

தேன்கனி

எனக்கு இன்னும் ஒண்ணு புரியல. பீகார்காரர் கேரளாவுல இருந்து அனுப்புற பணம் ரிசர்வ் வங்கி சர்வேயில கழியுமா?

---

கணக்குப்புள்ளி

கழியாது. அது நாட்டுக்குள் நடக்கும் பரிமாற்றம், வெளிநாட்டுக் கணக்கில் வராது. ஆகவே "கேரளத்துக்கு நிகரமாக எவ்வளவு மிஞ்சியது" என்ற கேள்விக்கு இந்த அட்டவணைகள் எதிலும் விடை இல்லை.

---

கரும்பலகை

திருத்திய தாள்:

(அ) அட்டவணையில் 60 கடந்தவர்களின் எண்ணிக்கையும் (41.9 லட்சம், 75 லட்சம்) சேர்த்துவிட்டேன். "வெளிநாட்டில் இருப்பவர்கள் அனைவரும் 60க்குக் கீழ் எனக் கொண்டு இரு மாநிலங்களின் விழுக்காட்டையும் திருத்திக் கணக்கிடுக (3). இடைவெளி எவ்வளவு சுருங்கியது? மீதி இடைவெளிக்கு அட்டவணையில் இல்லாத ஒரு காரணம் கூறுக (2)."

(ஆ) 30,717, 37,058, இரண்டு ஆண்டின் டாலர் விலை, 21 லட்சம், 22 லட்சம். "டாலரில் மாற்றி ஒப்பிடுக (3). இந்தத் தொகையில் விடுபட்டிருக்கக்கூடிய ஒரு வகைக் குடும்பத்தைக் குறிப்பிடுக (2)."

பழைய தாளில் (அ)வுக்கு என் குறிப்பின்படி எழுதியவர்களுக்கு இரண்டு மதிப்பெண் விட்டுவைக்கிறேன். எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதே என்று கேட்ட மாணவி (ஆ)வில் ஒன்றும் எழுதாமல் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாள், அதற்கு எத்தனை போடுவது என்றுதான் தெரியவில்லை.

---

மார்த்தாண்டம்காரி

ஆறும் போடுங்க சார்.

---

வெட்டிப்பேச்சு

கேள்விக்குறிக்கு ஆறா? அப்ப நாளைக்கு எல்லா தாள்லயும் கேள்விக்குறிதான் வரும்.

---

கணக்குப்புள்ளி

மதிப்பெண் உங்கள் பாடு. (ஆ)வில் ஒரு திருத்தம்: டாலர் விலை கொடுக்கும்போது "ஆண்டுச் சராசரி" என்று எழுதிவிடுங்கள். 2018 அக்டோபரில் டாலர் 74 வரை போனது. எவனாவது அந்த விலையை நினைவில் வைத்துப் போட்டால் 2023இல் வீட்டுப் பணம் டாலரில் 8 விழுக்காடு ஏறியதாக வந்துவிடும், அவனுக்கும் உங்களுக்கும் வகுப்பு முடியும்வரை வாக்குவாதம்.